பத்தில் ஏழு ஆமாம்

அவர் பழுது பார்த்த லிஃப்ட் எந்த மாடியில் வந்து நின்றாலும், உள்தரையும் வெளித்தரையும் ஒரே கோட்டில் இருக்கும். ஒரு நூல் ஏற்ற இறக்கம் பார்க்க முடியாது. அதனால் கம்பெனியில் அவருக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான ‘ரசமட்டம்’ என்று பெயர் விழுந்தது. சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. பதினாறு வருடங்களாக அதே வேலை. நகரத்தில் அவர் பொறுப்பில் நாற்பத்திரண்டு லிஃப்டுகள் இருந்தன. அதில் ஒன்று, அவருடைய மனைவிக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் இருந்தது.

முப்பத்தாறு வயதில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம் வயிற்றிலேயே துடிப்பு நின்றுபோய், இறந்து பிறந்த குழந்தை. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்; வருகிறவர்களுக்குக் கண் பரிசோதித்து, பவர் எழுதி, ஃபிரேம் பொருத்திக் கொடுப்பவள். ஒரு மாதம் வீட்டில் இருந்து அழுதாள். பிறகு கடைக்குப் போனாள். அவர் அழவில்லை. நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார். “கல்லு மாதிரி நிக்கிறான்பா” என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள்.

அடுத்த இரண்டு வருடங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். எட்டு மணிநேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. தொப்பை போட்டது, கழுத்து தடித்தது. குறட்டை சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்டது. எந்த ஸ்பேனரை எந்தப் பையில் வைத்தோம் என்பது மறந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். மனைவியின் பக்கம் திரும்பிப் படுக்கத் தோன்றவே இல்லை. அவளும் முதலில் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அவருடன் ஜோடியாக வேலை பார்த்தவன் பேட்டரி. அவரைவிட நான்கு வயது இளையவன். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். ஒருநாள் இருவரும் ஒரு வணிகக் கட்டடத்தில் கதவு பெல்ட் மாற்றப் போனார்கள். மூன்றாம் மாடியில் ‘ஆண்கள் நல மையம்’ என்று ஒரு கிளினிக். அதன் கண்ணாடிக் கதவில் பத்துக் கேள்விகள் அச்சடித்து ஒட்டியிருந்தது. சோர்வாக இருக்கிறதா? ஆசை குறைந்திருக்கிறதா? உடம்பில் தெம்பு குறைந்ததா? எரிச்சலும் சோகமும் வருகிறதா? சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா? வேலைத்திறன் குறைந்ததா? இப்படியே போனது.

பேட்டரி வாய்விட்டுப் படித்தான். “அண்ணே, யாரோ உங்களைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு.”

“போடா.”

“சிரிக்கறதுக்கு சொல்லல. நாலஞ்சு மாசமா நீங்க நீங்களாவே இல்ல. உள்ள போய் கேட்டாதான் என்ன, தலையவா வாங்கிடுவாங்க?”

பெல்ட் வேலை முடிந்ததும் அவர் உள்ளே போனார். பத்தில் ஏழுக்கு ‘ஆமாம்’ என்று டிக் போட்டார். வெள்ளைக் கோட்டு போட்ட ஆலோசகர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்போது மணி நாலே கால். மதியச் சாப்பாடு வயிற்றில் இருந்தது. மூன்று நாளுக்கு முன்புதான் காய்ச்சல் விட்டிருந்தது. முந்தின இரவு நான்கு மணிநேரம்கூடத் தூங்கவில்லை. இதையெல்லாம் அங்கே யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியாது.

மறுநாள் ஆலோசகர் போன் செய்தார். “ஆம்பளை ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், இருநூத்தி அறுபத்தெட்டு. முந்நூறுக்கு மேல இருக்கணும். உங்க சோர்வுக்குக் காரணம் கிடைச்சிடுச்சு சார். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி.”

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வருடங்களில் முதல்முறை. என்னவென்றே தெரியாமல் சுமந்ததற்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் கிடைத்துவிட்டன. உடம்பில் ஒன்று குறைகிறது, அதை ஊற்றினால் சரியாகிவிடும். இவ்வளவுதானே.

ஊசி போட்ட முதல் மாதம் அவர் ஆளே மாறிப்போனார். படிகளில் இரண்டிரண்டாக ஏறினார். மனைவியின் பக்கம் திரும்பினார். “என்ன திடீர்னு?” என்று அவள் வெட்கத்தோடு கேட்டபோது, “சத்து ஊசி போட்டுக்கறேன்” என்றார். முழுதாகச் சொல்லக் கூச்சம். ஆம்பளைக்கு ஆம்பளைத்தனம் குறைந்து ஊசி போடுகிறோம் என்று கட்டியவளிடம் எந்த வாயால் சொல்வது?

பத்தாம் நாளுக்கு மேல் ஊசியின் வேகம் இறங்கும். பழைய பாரம் வந்து தோளில் உட்காரும். அடுத்த ஊசிக்கு நாளை எண்ணிக்கொண்டிருப்பார். நான்காவது மாதத்தில் ஊசி போட்ட வாரத்திலும் பாரம் இறங்கவில்லை. குறட்டை முன்பைவிட மோசமானது. ஆலோசகர் அளவைக் கூட்டினார்.

இதற்கிடையில் மனைவிக்கு நம்பிக்கை வந்திருந்தது. இரண்டாம் மாதமே ஒரு சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “எனக்கு முப்பத்தேழு முடியப் போகுது. இன்னொரு தடவை பாக்கலாமாங்க?”

“பாக்கலாம்மா” என்றார்.

ஐந்து மாதம் பார்த்தார்கள். கரு நிற்கவில்லை. குழந்தைப்பேறு மருத்துவரிடம் போனார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி. பேச்சில் சுற்றி வளைப்பது இல்லாதவர். மனைவிக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவருடைய விந்துப் பரிசோதனைத் தாளை மருத்துவர் இருமுறை படித்தார். பத்து நாள் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே பதில். விந்தணு ஒன்றுகூட இல்லை.

“ஏதாவது ஊசி, மாத்திரை, ஜிம் பவுடர், எதாவது எடுக்கறீங்களா?”

“இல்லைங்க டாக்டர்.”

மூன்றாவது முறை போனபோது மருத்துவர் ரத்தப் பரிசோதனையை மேசைமேல் வைத்தார். மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

“உங்க டெஸ்டோஸ்டிரோன் நல்லா இருக்கு. சொல்லப்போனா தேவைக்கு மேலேயே இருக்கு. ஆனா அதை உண்டாக்கச் சொல்லி மூளை அடியில இருக்கற சுரப்பி ரெண்டு கட்டளை அனுப்பும். அந்த ரெண்டும் உங்களுக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கு. கட்டளையே இல்லாம சரக்கு எங்கேருந்து வந்துச்சு? வெளியிலேருந்துதான் வந்திருக்கணும். மறுபடியும் கேக்கறேன். என்ன ஊசி?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எத்தனை மாசமா?”

“ஏழு.”

“வெளியிலேருந்து கொட்டினா, போதும்னு நினைச்சு மூளை கட்டளையை நிறுத்திடும். விரை வேலையை விட்டுடும். விந்தணு உண்டாகாது. குழந்தை வேணுங்கறவங்களுக்கு இந்த ஊசியை போடவே கூடாது. போட்டவங்க இதைக் கேக்கலையா?”

“கேக்கல.”

“நிறுத்திட்டா திரும்ப வருமா டாக்டர்?” என்று மனைவி கேட்டாள். அவள் குரல் கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலாகவே இருந்தது.

“பெரும்பாலும் வரும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். சிலருக்கு முழுசா வராமலும் போகும். உங்க வயசு காத்துக்கிட்டு இருக்காது, அதான் பிரச்சினை.”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போது சொன்னாள். “சத்து ஊசின்னு சொன்னீங்க. நானும் சந்தோஷப்பட்டேன்.” நிறுத்தம் வந்ததும் அவருக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

ஊசியை நிறுத்திய பிறகு முதல் மூன்று மாதமும் அவருக்கு நரகம். உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருந்தது, வெளியிலிருந்தும் வரவில்லை. இப்போதுதான் உண்மையிலேயே அது குறைந்திருந்தது. லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்றால் கால் நடுங்கியது. ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் வயதானவர், மெதுவாகப் பேசுவார். எட்டு மாதம் கழித்து, இரண்டு வெவ்வேறு நாள், வெறும் வயிற்றில், காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார். நானூற்று ஐம்பத்திரண்டு. நானூற்று எண்பத்தாறு.

“நல்லா இருக்கு” என்றார்.

“ஆனா எனக்கு நல்லா இல்லையே டாக்டர். அந்தத் தாள்ல இருந்த ஏழும் அப்படியே இருக்கு.”

“இருக்கும். அந்த ஏழும் ஹார்மோன் குறைஞ்சாலும் வரும். மனசு ஒடிஞ்சாலும் வரும். தூக்கத்துல மூச்சு அடைச்சாலும் வரும். ரத்தசோகை, தைராய்டு, வேலை பளு, எல்லாத்துக்கும் வரும். நூறு பேர் கையில குடுத்தா பாதிக்கு மேல ஆமாம்னு போடுவாங்க. தாள் கேள்விதான் கேக்கும், பதில் சொல்லாது.”

“அப்ப அன்னைக்கு வந்த இருநூத்தி அறுபத்தெட்டு?”

“சாயங்காலம் எடுத்தா இறங்கியிருக்கும். சாப்பிட்டா இறங்கும். காய்ச்சல்ல இறங்கும், தூக்கம் கெட்டாலும் இறங்கும். நீங்க நாலையும் சேத்து வெச்சுகிட்டு போயிருக்கீங்க. உண்மையில உங்க அளவு அப்ப என்ன இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சத்தியம் பண்ணி சொல்ல முடியாது. குறைஞ்சிருந்திருக்காதுன்னுதான் நினைக்கறேன்.” பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “இது எப்ப ஆரம்பிச்சுது?”

அவர் யோசிக்கவே இல்லை. வருடம், மாதம், தேதி மூன்றையும் சொன்னார். சொன்ன பிறகுதான் அது என்ன தேதி என்று அவருக்கே உறைத்தது.

அங்கிருந்து மனநல மருத்துவரிடம் போனார். நான்காவது சந்திப்பில், பிரசவ ஆஸ்பத்திரியில் அன்று நடந்ததைச் சொன்னார். ஆறாம் மாடியில் நர்ஸ் ஒரு வெள்ளைத் துணிச் சுருட்டலைக் கையில் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அந்த வாரம்தான் அந்த லிஃப்டுக்கு அவர் பிரேக் சரிசெய்திருந்தார். நான்காம் மாடியில் நின்றது. ஒரு அம்மாள் ஏறினார். சுருட்டலைப் பார்த்துவிட்டு, “பாப்பாவா? என்ன பாப்பா?” என்று சிரித்தார். “பொண்ணு” என்றார் இவர். “மகாலட்சுமி” என்றார் அந்த அம்மாள். தரைத்தளத்தில் லிஃப்ட் ஒரு நூல் பிசகாமல் நின்றது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். தூக்கத்தைப் பரிசோதித்தபோது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு தடைபடுவது தெரிந்தது. அதற்கு ஒரு முகமூடிக் கருவி வந்தது. ஆறு மாதத்தில் காலை எழும்போது தலை லேசானது. மறதி குறைந்தது. ஏழில் மூன்று போயின, பிறகு ஐந்து போயின. ஊசியை நிறுத்திய பதினான்காம் மாதம் விந்தணு போதிய அளவு திரும்பியது. மனைவிக்கு அப்போது முப்பத்தொன்பது முடிந்திருந்தது. நாற்பதில் ஒருமுறை கரு நின்றது. ஒன்பதாவது வாரம் கலைந்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை. அவள் ஒருநாள் அலமாரியிலிருந்து, முதல் குழந்தைக்கென்று வைத்திருந்த மஞ்சள் கம்பளிச் சட்டைகளை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாள்.

இது இத்தோடு முடிந்திருந்தாலே போதும். ஆனால் அந்த வருடம்தான் பேட்டரி பேச்சைக் குறைத்தான்.

அவனுடைய மனைவி பிரிந்து தாய்வீட்டுக்குப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. “பேட்டரி டவுன் ஆயிடுச்சுடா” என்று கம்பெனியில் கேலி பேசினார்கள். அவனும் சிரித்து வைத்தான். ஒருநாள் இயந்திர அறையில் உட்கார்ந்திருந்தபோது ரசமட்டத்திடம் சொன்னான்.

“அண்ணே, உடம்புல சுத்தமா தெம்பு இல்ல. பொம்பளை நினைப்பே வரதில்ல. ஷேவிங் பண்ணி நாலு நாளானாலும் தாடி வளரல பாருங்க. தலைவலி வேற. அந்தத் தாளை இப்ப குடுத்தா பத்துக்கு பத்து போடுவேன்.”

“அந்தப் பக்கமே போகாத” என்றார் அவர். “நான் பட்டது போதும். இது மனசுடா. உன் பொண்டாட்டி போனதுலேருந்துதான இப்படி? எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. என் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், வா.”

கூட்டிக்கொண்டு போனார். மனநல மருத்துவர் பேட்டரியிடம் ஒரு மணிநேரம் பேசினார். மாத்திரை எழுதினார். கூடவே ஒரு சீட்டில் காலை நேர ரத்தப் பரிசோதனைகள் எழுதி, “இதையும் எடுத்துட்டு வாங்க, தாடியும் தலைவலியும் எனக்கு இடிக்குது” என்றார்.

வெளியே வந்ததும் பேட்டரி சீட்டை நீட்டினான். “இது எடுக்கணுமாண்ணே? லேப் எட்டு மணிக்கு. நமக்கு ஏழரைக்கே டியூட்டி.”

“நானும் எடுத்தேன். நல்லாதான் இருந்துச்சு. அந்த நம்பரைப் பாத்துதான் நான் நாசமாப் போனேன். மொதல்ல மாத்திரையைச் சாப்பிடு, அப்புறம் பாக்கலாம்.”

சீட்டு கருவிப் பைக்குள் போனது. அடுத்த சந்திப்புக்கு வேலை காரணமாகப் போக முடியவில்லை. மாத்திரையால் தூக்கம் கொஞ்சம் வந்தது. மற்றது எதுவும் மாறவில்லை. “நேரம் எடுக்கும்டா, எனக்கு ஆறு மாசம் ஆச்சு” என்று ரசமட்டம் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுநடுவே பேட்டரி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வான். “குடிச்சிருக்கியா?” என்று கேட்பார்கள். மாத்திரை மயக்கம் என்பான்.

ஏழாவது மாதம், முற்பகல் பதினோரு மணி. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. இருவரும் லிஃப்ட் கூரைமேல் நின்று, மெதுவான வேகத்தில் இறக்கிக்கொண்டே வழித்தடங்களைப் பார்த்து வந்தார்கள். லிஃப்டை இறக்கும் பொத்தான் பேட்டரியின் வலக்கையில். இடக்கையால் ஓரத்துச் சட்டத்தைப் பிடித்திருந்தான். விரல்கள் சட்டத்துக்கு வெளியே இருந்தன. லிஃப்ட் இறங்கினால், கம்பியின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை மேலே ஏறும். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டும். அது வரும்போது கையை உள்ளே இழுப்பது, கண்ணிமைப்பதுபோல, யாரும் சொல்லித் தர வேண்டாத பழக்கம். எதிர் எடை அவனுடைய இடப்பக்கத்தில் ஏறி வந்தது. அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கை” என்றார் ரசமட்டம். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது தாண்டிவிட்டது.

இரண்டு விரல்கள் போயின.

அறுவைசிகிச்சை முடிந்த மறுநாள் ரசமட்டத்தின் மனைவியும் பார்க்க வந்தாள். தண்ணீர் ஊற்றிக் கட்டிலின் இடப்பக்கமாக நின்று நீட்டினாள். அவன் வாங்கவில்லை. “தண்ணி” என்றாள். அவன் முகத்தை முழுதாகத் திருப்பி, பிறகுதான் தம்ளரைக் கண்டான். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். வலப்பக்கம் போய் நின்று நீட்டினாள். அதேபோல்தான் திரும்பினான்.

“தம்பி, என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க” என்று எதிரே நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். விரல்களை அசைத்தாள். “எந்தக் கையில விரல் ஆடுது?”

“எதுவும் ஆடல அக்கா.”

அவள் கைகளை மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். தோள் அகலத்துக்கு வந்த பிறகுதான், “இப்ப ஆடுது” என்றான். அவள் கணவரைப் பார்த்தாள். “ரெண்டு பக்கமும் வெளிப்பார்வை இல்ல. இது கண்ணுல இருக்கற கோளாறு இல்லைங்க. உடனே பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க.”

தலையை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் அடியில், அந்தக் கட்டளை அனுப்பும் சுரப்பியில், இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்ந்து கண் நரம்பு குறுக்கே போகும் இடத்தை அழுத்தியிருந்தது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் பல மடங்கு ஏறியிருந்தது. காலை எட்டு மணிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் தொண்ணூற்று நான்கு. இன்னொரு காலை, எண்பத்தெட்டு. பேட்டரிக்கு மனம் ஒடிந்ததும் உண்மைதான். ஆனால் அவனுக்கு அது மட்டும் இல்லை.

“கட்டியைச் சுருக்க மாத்திரை இருக்கு, வாரத்துக்கு ரெண்டு. பெரும்பாலும் கேக்கும்” என்றார் அதே வயதான ஹார்மோன் மருத்துவர். ரசமட்டம் வாசலில் அவரை நிறுத்தினார்.

“ஏழு மாசம் முன்னாடி அந்த சீட்டைக் கொடுத்து ரத்தம் எடுத்திருந்தா?”

மருத்துவர் பொய் சொல்லவில்லை. “தெரிஞ்சிருக்கும்” என்றார்.

“என் விஷயமும் அவன் விஷயமும் ஒரே மாதிரி இருந்துச்சு டாக்டர்.”

“இருந்துச்சு. அதான் ரத்தம் எடுக்கறோம்.”

கட்டி சுருங்கியது. வலப்பக்கப் பார்வை ஏறக்குறைய முழுதாக வந்தது, இடப்பக்கம் பாதிதான். தாடி வளர்ந்தது. ஆனால் லிஃப்ட் கூரையில் ஏற அவனுக்கு இனி அனுமதி இல்லை. கம்பெனி அவனைப் புகார் தொலைபேசி எடுக்கும் மேசையில் உட்கார வைத்தது.

ரசமட்டம் ஒருநாள் மத்தியானம் அந்த மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தார். “அந்தச் சீட்டை வேணாம்னு சொன்னது நான்தான்டா” என்றார்.

பேட்டரி மூன்று விரல் கையால் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். இடக்கைப் பழக்கம் அவனுக்கு. எழுத்து கோணலாகத்தான் வந்தது. “பையில வெச்சது நான்தானே” என்றான். கொஞ்சம் கழித்து, “நீங்க கெட்டதா நினைச்சு சொல்லல” என்றான். அது உண்மை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, ‘அண்ணே’ என்றும் சொல்லவில்லை.

டீ வந்தது. அவர் தம்ளரை அவனுக்கு நேர் எதிரே வைத்தார். தொலைபேசி அடித்தது. அவன் எடுத்து, முகவரி கேட்டு, எழுதி, தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினான்.

“எட்டாவது மாடியில நின்னுடுச்சாம். உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க.”

அவர் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். டீ அப்படியே இருந்தது.